139-ஆம் பத்தி யாருக்கும் படை அனுப்பும் உரிமை தரவில்லை

கேள்வி: சார், காட்பாடியில் சட்டம் படிக்கிறேன். அம்மா வழிச் சொந்தக்காரர்கள் மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறார்கள். 2005-லேயே ஐ.நா.வில் எல்லா நாடும் சேர்ந்து "பாதுகாக்கும் பொறுப்பு" என்று ஒத்துக்கொண்டதாகப் பாடத்தில் வருகிறது. அதற்கு மூன்று தூண் என்கிறார்கள். மூன்றாவது தூண்படி வெளிநாட்டுப் படை வரலாம் என்றால் 2009-இல் முள்ளிவாய்க்காலுக்கு ஏன் யாரும் வரவில்லை? மாமா கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்:

மூன்றாவது தூண் யாருக்கும் படை அனுப்பும் உரிமையைப் புதிதாகத் தரவில்லை, தம்பி. 2005-க்கு முன்னால் பாதுகாப்பு கவுன்சில் அனுமதித்தால்தான் இன்னொரு நாட்டுக்குள் மக்களைக் காப்பாற்றப் படை போகலாம் என்று இருந்தது. 2005-க்குப் பின்னாலும் அதுவேதான். மாமாவுக்கு ஒரே மூச்சில் சொல்வதென்றால் இவ்வளவுதான். ஆனால் அவர் அதோடு விடமாட்டார், "அப்புறம் எதுக்கு அந்த ஒப்புதல்?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல அந்த ஆவணத்தையே எடுத்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். பாடப்புத்தகச் சுருக்கம் போதாது.

2005 செப்டம்பரில் நியூயார்க்கில் உலகத் தலைவர்களின் உச்சி மாநாடு நடந்தது. அதன் முடிவு ஆவணத்தைப் பொதுச்சபை 60/1 என்ற எண்ணுள்ள தீர்மானமாக, வாக்கெடுப்பு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. வறுமை, சுற்றுச்சூழல், ஐ.நா. நிர்வாகம் என்று எல்லாவற்றையும் பேசும் நீளமான ஆவணம் அது. அதில் நமக்கு வேண்டியவை 138, 139 என்ற இரண்டே பத்திகள். (140-ஆம் பத்தி, இனப்படுகொலைத் தடுப்பு ஆலோசகரின் பணிக்கு ஆதரவு சொல்லும் ஒற்றை வரி.) உலகமே பேசுகிற ஒரு கோட்பாடு அச்சில் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது.

138-ஆம் பத்தி சொல்வது இது: ஒவ்வொரு நாட்டுக்கும் தன் எல்லைக்குள் இருக்கும் மக்களை இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச் சுத்திகரிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்தும் காக்கும் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பை ஏற்கிறோம், அதன்படி நடப்போம். குடிமக்கள் என்று எழுதாமல் மக்கள் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அகதியாக வந்தவரும், குடியுரிமை இல்லாதவரும் அதில் அடக்கம்.

139-ஆம் பத்தியில்தான் எல்லாச் சிக்கலும். அதன் முதல் வாக்கியம், சர்வதேச சமூகத்துக்கும் ஐ.நா. வழியாக ஒரு பொறுப்பு "உண்டு" என்கிறது. எதற்கு? ராஜதந்திரம், மனிதாபிமான உதவி, மற்ற அமைதி வழிகள் ஆகியவற்றைப் பயன்படுத்த. அடுத்த வாக்கியத்தில் படைபலம் வருகிறது. அங்கே பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. பொறுப்பு உண்டு என்று அங்கே சொல்லவில்லை. கூட்டு நடவடிக்கை எடுக்க "ஆயத்தமாக இருக்கிறோம்" என்றுதான் சொல்கிறது. அதையும் சும்மா விடவில்லை, நிபந்தனைகளால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு கவுன்சில் வழியாகத்தான், ஐ.நா. சாசனத்துக்கும், அமைதிக்கு ஆபத்து வரும்போது தடை, படை பற்றிப் பேசும் அதன் ஏழாம் அத்தியாயத்துக்கும் உட்பட்டுத்தான், ஒவ்வொரு விவகாரத்தையும் தனித்தனியாகப் பார்த்துத்தான். அதுவும் அமைதி வழிகள் போதாமல் போய், அந்த நாட்டு அரசு தன் மக்களைக் காக்கத் தவறியது வெளிப்படையாகத் தெரிந்தால்தான்.

பத்திரம் எழுதிப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே பத்தியில், அடுத்தடுத்த வாக்கியத்தில், ஓரிடத்தில் "பொறுப்பு உண்டு" என்றும் மற்றோர் இடத்தில் "ஆயத்தமாக இருக்கிறோம்" என்றும் எழுதினால் அது கைதவறி வந்ததல்ல. "தனித்தனியாகப் பார்த்து" என்ற நிபந்தனை ஒன்றே போதும். இன்ன சூழ்நிலை வந்தால் இன்னது செய்தே ஆக வேண்டும் என்பது விதி. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது விதியல்ல.

இந்த வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு பேரம் நடந்தது. கனடா அரசு ஏற்படுத்திய ஒரு சர்வதேச ஆணையம்தான் 2001-இல் முதன்முதலில் இந்தக் கருத்தை முன்வைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 1999-இல், நேட்டோ பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி இல்லாமல் கொசோவோ விவகாரத்தில் யூகோஸ்லாவியா மீது குண்டு போட்டிருந்தது. அதற்கும் முன்னால் 1994-இல் ருவாண்டாவில் படுகொலை நடந்தபோது உலகம் கைகட்டி நின்றது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடியதுதான் ஆணையத்தின் வேலை. எப்போது படையைப் பயன்படுத்தலாம் என்பதற்கு அது அளவுகோல்களை எழுதியது. பெருங்கொடுமை நடக்கும்போது நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்தும் வீட்டோவைப் பயன்படுத்தாமல் இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது. கவுன்சில் செயல்படாமல் போனால் பொதுச்சபைக்கோ வட்டார அமைப்புகளுக்கோ போகலாமா என்றுகூட யோசித்தது. 2005 ஆவணத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. அளவுகோல் போயிற்று, வீட்டோ பற்றிய பேச்சு போயிற்று, கவுன்சிலைத் தாண்டிய மாற்று வழியும் போயிற்று. அமெரிக்காவின் தூதராக இருந்த ஜான் போல்டன் அந்த ஆகஸ்டிலேயே, இது சட்டக் கடமையாக ஆகிவிடக் கூடாது என்று மற்ற நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். வளரும் நாடுகள் பலவற்றுக்கு நேர் எதிரான பயம் இருந்தது. இதைச் சாக்காக வைத்து வல்லரசுகள் நம் வீட்டுக்குள் நுழையுமோ என்று அவை அஞ்சின. இந்தியாவுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. படை அனுப்பக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று நினைத்தவர்களும், படை வந்துவிடக் கூடாது என்று நினைத்தவர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வாசகம்தான் உங்கள் பாடத்தில் இருக்கிறது.

இனி அது ஏன் கட்டுப்படுத்தும் சட்டம் ஆகாது என்று பார்ப்போம். பொதுச்சபைத் தீர்மானம் சாசனத்தின்படி ஒரு பரிந்துரை. நம் ஊர்க் கிராம சபையில் டாஸ்மாக் கடையை மூடச் சொல்லித் தீர்மானம் போடுகிறோம், எல்லோரும் கைதூக்குகிறார்கள், கையெழுத்தும் ஆகிறது. கடையின் ஷட்டரை இறக்கும் அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே கதைதான். உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் முடிவை எடுக்கும் அதிகாரத்தைச் சாசனத்தின் 25-ஆவது பிரிவு பாதுகாப்பு கவுன்சிலுக்குத்தான் தந்திருக்கிறது. 60/1 ஓர் ஒப்பந்தம் அல்ல, எந்த நாடாளுமன்றமும் அதற்கு ஒப்புதல் வழங்கவில்லை.

"எல்லா நாடும் ஒத்துக்கொண்டால் வழக்காற்றுச் சட்டம் ஆகாதா?" என்று பரீட்சையில் கேட்பார்கள். வழக்காற்றுச் சட்டத்துக்கு இரண்டு வேண்டும். நாடுகள் தொடர்ந்து அப்படி நடந்துகொள்ள வேண்டும். அதோடு, அப்படி நடப்பது தங்கள் சட்டக் கடமை என்று நம்பவும் வேண்டும். இங்கே இரண்டாவது அடியோடு இல்லை. புதிய சட்டக் கடமை எதையும் உண்டாக்கவில்லை என்று நாடுகளே சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஐ.நா. பொதுச்செயலாளரின் 2009 அறிக்கையும், சாசனத்துக்கு உட்பட்டு அல்லாமல் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற கடமையைப் பாதுகாக்கும் பொறுப்பு மாற்றவில்லை, உறுதிப்படுத்தவே செய்கிறது என்று கூறிவிட்டது. எங்கள் பார் அறையில் ஒரு சீனியர் இதைப் "பல்லில்லாத சட்டம்" என்பார். சட்டமாகவே இல்லாததற்குப் பல் எங்கிருந்து முளைக்கும் என்று நான் கேட்பதுண்டு.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். கோட்பாடு சட்டமல்ல என்பதால் அதற்குள் இருக்கும் எல்லாமே சட்டமல்ல என்று ஆகாது. இனப்படுகொலையைத் தடுக்க வேண்டும் என்பது 1948 உடன்படிக்கையின் முதல் பிரிவு, அது சட்டம். போரில் சிவிலியனைக் குறிவைக்கக் கூடாது என்பதும் சட்டம். முதல் தூணில், அதாவது அந்தந்த அரசு தன் மக்களைக் காக்க வேண்டும் என்ற பகுதியில், பெரும்பாலானவை இப்படி வேறு இடத்திலிருந்து வந்த சட்டம்தான். சர்வதேச நீதிமன்றம் 2007-இல், போஸ்னியா செர்பியா மீது போட்ட வழக்கில், தன் எல்லைக்கு வெளியே நடக்கும் இனப்படுகொலையையும் தன் செல்வாக்குக்கு உட்பட்டுத் தடுக்க முயலும் கடமை ஒரு நாட்டுக்கு உண்டு என்றது. செர்பியா அந்தக் கடமையில் தவறிவிட்டது என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் கூடவே, சர்வதேசச் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் நின்றுதான் தடுக்க வேண்டும் என்றும் எழுதியது. அந்த எல்லைக்குள் தன்னிச்சையான படையெடுப்பு இல்லை.

இப்போது தூண்களுக்கு வருகிறேன். 138, 139-ஆம் பத்திகளில் "தூண்" என்ற பேச்சே கிடையாது. அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி-மூனின் அந்த 2009 அறிக்கைதான் இந்த இரண்டு பத்திகளையும் மூன்றாகப் பிரித்துக் காட்டியது. முதல் தூண், அந்தந்த அரசின் சொந்தப் பொறுப்பு. இரண்டாவது, அந்த அரசு தன் பொறுப்பை நிறைவேற்ற மற்றவர்கள் செய்யும் உதவி: போலீஸ் பயிற்சி, நீதிமன்றச் சீரமைப்பு, சமரசப் பேச்சு, கேட்டால் அமைதிப்படை. அந்த அரசு சம்மதித்தால்தான் இது நடக்கும். மூன்றாவது, அந்த அரசு வெளிப்படையாகத் தவறும்போது உரிய நேரத்தில், உறுதியோடு செய்யும் நடவடிக்கை. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் "ராணுவத் தூண்" என்று படிக்கிறார்கள். அது தவறு. கண்டனம், உண்மை அறியும் குழு, மத்தியஸ்தம், ஆயுதத் தடை, சொத்து முடக்கம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்புதல் எல்லாம் மூன்றாவது தூணில்தான் வருகின்றன. படை அந்த நீண்ட வரிசையின் கடைசியில் நிற்பது. 2008 தொடக்கத்தில் கென்யாவில் தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தை ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பேச்சுவார்த்தையால் ஓய வைத்தார். ஒரு சிப்பாய்கூடப் போகவில்லை. இந்தக் கோட்பாட்டின் நல்ல உதாரணமாக அதைத்தான் காட்டுகிறார்கள்.

பான் கி-மூன் அறிக்கையின் தேதியைப் பாருங்கள்: 12 ஜனவரி 2009. கிளிநொச்சி விழுந்தது ஜனவரி 2. பொதுச்சபை அந்த அறிக்கையை விவாதித்தது அதே ஆண்டு ஜூலையில். முள்ளிவாய்க்கால் மே மாதம். மூன்று தூணையும் காகிதத்தில் நட்டு வைத்ததற்கும், அதைப் பேச உட்கார்ந்ததற்கும் நடுவில் வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த மாதங்களை மூன்று தூணையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் மாமாவின் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும்.

முதல் தூணில் பொறுப்பு இலங்கை அரசுடையது. அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் ஷெல் விழுந்தது. மருத்துவமனைகள் தாக்கப்பட்டன. பொதுச்செயலாளர் நியமித்த மூவர் நிபுணர் குழு 2011-இல் இவற்றை நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என்றது. சிவிலியன் சாவு 40,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டையும் ஒதுக்கிவிட முடியாது என்றது. அதே குழு புலிகள் மீதும் சொன்னது: மக்களை வெளியேற விடாமல் வைத்திருந்தார்கள், தப்பியவர்களைச் சுட்டார்கள், சிறுவர்களைப் படையில் சேர்த்தார்கள் என்று. இதை மாமாவிடம் மறைக்காதீர்கள். அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். சட்டப்படி, ஒரு தரப்பின் குற்றம் மறுதரப்பின் கடமையைக் குறைக்காது.

இரண்டாவது தூணுக்குச் சம்மதம் வேண்டும். 2008 செப்டம்பரில் இலங்கை அரசு, வன்னியில் ஐ.நா. ஊழியர்களின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்றது. ஐ.நா.வும் கிளிநொச்சியைக் காலி செய்துவிட்டுக் கிளம்பியது. இரண்டாவது தூண் அங்கேயே படுத்துவிட்டது.

மூன்றாவது தூணில், முதலில் பாதுகாப்பு கவுன்சிலைப் பாருங்கள். அங்கே ஒரு தீர்மானம் நிறைவேற 15-இல் 9 வாக்கு வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவரும் எதிர்க்கக் கூடாது. ஆனால் ஒரு விஷயத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பது நடைமுறை சார்ந்த முடிவு. அதற்கு 9 வாக்கு இருந்தால் போதும், வீட்டோ செல்லாது. பலர் இதைக் கவனிப்பதில்லை. ரஷ்யாவும் சீனாவும் இது உள்நாட்டு விவகாரம் என்றன, உண்மைதான். ஆனால் நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பதை மட்டும் அவர்களால் வீட்டோ போட்டுத் தடுத்திருக்க முடியாது. அப்படிச் சேர்க்கச் சொல்லி வாக்கெடுப்பை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இலங்கை விவகாரம் முறையான நிகழ்ச்சிநிரலில் கடைசி வரை ஏறவே இல்லை. கவுன்சில் உறுப்பினர்கள் முறைசாராமல் கூடிப் பேசினார்கள். மே 13-ஆம் தேதி பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை விட்டார்கள், "மிகுந்த கவலை" என்று. பத்திரிகை அறிக்கை என்பது கவுன்சில் வெளியிடுபவற்றில் கடைசிப் படியில் இருப்பது, அது யாரையும் கட்டுப்படுத்தாது. அதற்கு அடுத்த வாரம் போர் முடிந்துவிட்டது. (அந்த ஆண்டு கவுன்சிலில் உட்கார்ந்திருந்த தற்காலிக உறுப்பினர்களில் லிபியாவும் ஒன்று. இரண்டு வருஷத்தில் அதே கவுன்சில் அதன் மேலேயே தீர்மானம் போடும் என்று அப்போது யார் கண்டார்கள்.)

இதைவிட என்னை உறுத்துவது வேறு. மூன்றாவது தூணின் அமைதி வழிகளுக்கு எந்த வாக்கும் வேண்டியதில்லை. 139-ஆம் பத்தியின் முதல் வாக்கியம், "பொறுப்பு உண்டு" என்று சொல்லும் பகுதி, ஐ.நா.வின் சொந்த அலுவலகத்தின் மேலேயே விழுகிறது. சாவு எண்ணிக்கையை வெளியே சொல்வது, யாருடைய ஷெல் என்று சொல்வது, உறுப்பு நாடுகளிடம் கதவு தட்டுவது. சார்லஸ் பெட்ரி தலைமையிலான உள்விசாரணைக் குழு 2012 நவம்பரில் கொடுத்த அறிக்கை இதைத்தான் கிழித்துக் காட்டியது. ஐ.நா. ஊழியர்கள் சாவுகளைச் சரிபார்த்துக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலிடம் அதை வெளியிடத் தயங்கியது. பெரும்பாலான சாவு அரசுப் படையின் ஷெல்லால்தான் என்று கையில் இருந்த தகவல் சொன்னதையும் வெளியே சொல்லவில்லை. பாதுகாக்கும் பொறுப்பைப் பற்றி அந்த அறிக்கை சொல்வதைத்தான் உங்கள் வகுப்பில் முதலில் படிக்க வைக்க வேண்டும். போரின் கடைசிக் கட்டத்தில் அந்தக் கோட்பாடு அவ்வப்போது எழுப்பப்பட்டது, பலன் இல்லை. அதன் பொருளைப் பற்றிய சண்டை அவ்வளவு முற்றியிருந்ததால், அதன் பெயரை எடுத்தாலே ஐ.நா.வின் கை பலவீனப்படும் என்று நினைத்தார்கள்.

அதாவது படை வரும் என்ற பயம் கூட்டத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்ததால், படை சம்பந்தமே இல்லாத வேலைக்கும் அந்தப் பெயர் உதவாமல் போனது. மாமா "ஏன் படை வரவில்லை" என்று கேட்கிறார். படை வரச் சட்டப்படி கவுன்சிலின் அனுமதி வேண்டும், அரசியல்படி அது கிடைக்கவே கிடைக்காது. "ஏன் எண்ணிக்கையைச் சொல்லவில்லை" என்ற கேள்விக்கு ஐ.நா.விடம் இப்படிச் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என் கணக்கில் 2009-இன் பெரிய தோல்வி அதுதான்.

சண்டை ஓய்ந்து ஒரு வாரத்தில், மே 26, 27 தேதிகளில், ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்சில் சிறப்புக் கூட்டம் போட்டது. அங்கே நிறைவேறியது இலங்கை தானே கொண்டுவந்த தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. இந்தியா ஆதரித்து வாக்களித்தது.

சரி, லிபியாவுக்கு மட்டும் எப்படிப் போனார்கள் என்பது அடுத்த கேள்வி. 2011 பிப்ரவரியில் கிளர்ச்சி தொடங்கியது. அந்த மாதம் 26-ஆம் தேதி கவுன்சில் 1970 என்ற எண்ணுள்ள தீர்மானத்தால் ஆயுதத் தடை விதித்து, விவகாரத்தைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் அனுப்பியது. 15 நாடுகளும் ஆதரித்தன. மார்ச் 12-இல் அரபு லீக்கே வான்பறப்புத் தடை கேட்டது. 17-இல் 1973-ஆம் தீர்மானம் வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு இல்லை. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் வாக்களிக்காமல் விலகி நின்றன. நிரந்தர உறுப்பினர் விலகி நிற்பதை வீட்டோவாகக் கணக்கிடுவதில்லை, அது நீண்ட காலப் பழக்கம். இரண்டு நாளில் விமானங்கள் கிளம்பின.

அந்தத் தீர்மானத்தை எடுத்துப் பாருங்கள். "பாதுகாக்கும் பொறுப்பு" எங்கே வருகிறது? முன்னுரையில், லிபிய அரசுக்குத் தன் மக்களைக் காக்கும் பொறுப்பு உண்டு என்று நினைவூட்டும் இடத்தில். முதல் தூண் மட்டும்தான். சர்வதேச சமூகத்துக்கும் அந்தப் பொறுப்பு உண்டு, ஆகவே படை அனுப்புகிறோம் என்று ஒரு வரியும் இல்லை. படைக்கு அதிகாரம் கொடுத்தவை வேறு வாசகங்கள். லிபிய நிலைமை சர்வதேச அமைதிக்கு அச்சுறுத்தல் என்ற தீர்ப்பு ஒன்று, சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் செயல்படுகிறோம் என்ற அறிவிப்பு ஒன்று. பிறகு நான்காம் பத்தியில், சிவிலியன்களைக் காக்க "தேவையான எல்லா நடவடிக்கைகளையும்" எடுக்க உறுப்பு நாடுகளுக்கு அனுமதி, ஆக்கிரமிப்புப் படை மட்டும் எந்த வடிவிலும் கூடாது. இவை 1945-இலிருந்து சாசனத்தில் இருக்கும் அதிகாரங்கள். 2005 ஒப்புதல் நடக்காமலே இருந்திருந்தாலும் 1973-ஆம் தீர்மானத்தை வார்த்தை மாறாமல் எழுதியிருக்க முடியும்.

எந்த நாடாவது "பாதுகாக்கும் பொறுப்பின்படி படை அனுப்புகிறோம்" என்று சொன்னால் இந்த மூன்றையும் தேடுங்கள்: கவுன்சில் தீர்மானத்தின் எண், ஏழாம் அத்தியாயம், தேவையான எல்லா நடவடிக்கைகள். இவை இல்லாவிட்டால் அது 139-ஆம் பத்தி அல்ல, வெறும் பேச்சு. 2008-இல் ரஷ்யா ஜார்ஜியாவுக்குள் நுழைந்துவிட்டு இந்தக் கோட்பாட்டைக் காட்டியது, யாரும் ஏற்கவில்லை. நம் ஊர் உதாரணமும் உண்டு. 1987 ஜூன் 4-ஆம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவும் மருந்தும் போட்டன, "பூமாலை" என்று பெயர். அது நடந்த காலத்தில் இந்தக் கோட்பாடே இல்லை என்பது இருக்கட்டும். இன்று நடந்தாலும் அது மூன்றாவது தூணில் வராது. கவுன்சில் அனுமதி இல்லை, இலங்கையின் சம்மதமும் இல்லை. அடுத்த மாத இறுதியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி அமைதிப்படை போனது வேறு கணக்கு, அதற்குக் கொழும்பின் சம்மதம் இருந்தது.

லிபியாவின் பின்விளைவையும் சொல்லிவிடுகிறேன். சிவிலியனைக் காக்கக் கிடைத்த அனுமதி, லிபியத் தலைவர் கடாபி கொல்லப்படும் வரை நீண்டது. ஆட்சியை மாற்றவா அனுமதி கொடுத்தோம் என்று ரஷ்யாவும் சீனாவும் மட்டுமல்ல, பிரேசிலும் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கேட்டன. 2011 அக்டோபர் 4-இல் சிரியா பற்றிய தீர்மானம் வந்தபோது அதில் படைக்கு அனுமதி கிடையாது, வெறும் கண்டனமும் எச்சரிக்கையும்தான். ஆனாலும் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. ரஷ்யத் தூதர் லிபியாவின் அனுபவத்தை நேரடியாகவே சுட்டிக்காட்டினார். கட்டுப்படுத்தும் விதி ஒன்று இருந்திருந்தால், முதல் வழக்கில் ஒருவர் அத்துமீறினார் என்பதற்காக அடுத்த வழக்கில் விதியே செத்துப்போகாது. வல்லரசுகளின் விருப்பத்தைச் சார்ந்து நிற்பதால்தான் அப்படி ஆனது.

மாமாவுக்கு நம்பிக்கையாக எதுவும் சொல்ல முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். சட்டத்தின் பிடி உள்ள இடம் பாதுகாக்கும் பொறுப்பில் இல்லை, இனப்படுகொலை உடன்படிக்கையில் இருக்கிறது. அதன் 9-ஆவது பிரிவின்படி ஓர் உறுப்பு நாடு இன்னொன்றை சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். நேரடியாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. எங்கோ மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் காம்பியா 2019-இல் ரோஹிங்யாக்களுக்காக மியன்மார் மீது வழக்குப் போட்டது, அப்படிப் போட அதற்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் உறுப்பு நாடு. ஆனால் அங்கே போர்க்குற்றத்தை நிரூபித்தால் போதாது. ஓர் இனத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும், அது மிக உயரமான படி. அதற்கு முன் வழக்குப் போட ஒரு நாடு முன்வர வேண்டும். "இந்தியா போடலாமே" என்று மாமா அடுத்த மூச்சில் சொல்வார். 1959-இல் இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றபோது 9-ஆவது பிரிவுக்கு மட்டும் விலக்கு வைத்தது: ஒவ்வொரு வழக்கிலும் சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் சம்மதித்தால்தான் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று. அந்த விலக்கை எதிர்த்தரப்பும் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். ஆக, இந்தியா இலங்கை மீது அங்கே வழக்குப் போட வேண்டுமானால் கொழும்பின் சம்மதம் வேண்டும்.